தோளில் "கல்லு" என்று பேக்கேஜ் கட்டச் சொன்னால், முதலில் எக்ஸ்ரேயின் தேதியைப் பாருங்கள்

ஏமாந்தவர் 46 வயதுப் பெண், தையல் வேலை. அவர் அனுமதியோடு எழுதுகிறோம். மருத்துவமனையின் பெயர் வேண்டாம்.

ஜனவரியில் வலது தோளில் லேசான குடைச்சல் வந்து எக்ஸ்ரே எடுத்திருக்கிறார். கை எலும்பின் உச்சிக்குச் சற்று மேலே, 15 மி.மீ. நீளத்தில், உடைந்த சாக்பீஸ் துண்டு போல ஓரம் தெளிவாக ஒரு வெள்ளைச் சுண்ணாம்புப் படிவு. மாத்திரையும் பயிற்சியும் கொடுத்து அனுப்பினார்கள். அதுவரை எல்லாம் முறைதான். செப்டம்பரில் ஒரு நாள் நடுராத்திரி உயிர்போகிற வலி. கையை உடம்போடு அணைத்துப் பிடித்தபடியே விடியும்வரை உட்கார்ந்திருந்தார். காலையில் போன வேறொரு தனியார் மருத்துவமனையில் அதே ஜனவரி எக்ஸ்ரேயைப் பார்த்து, "கல்லு பெருசாயிடுச்சும்மா, ஊசி வெச்சுக் கழுவி எடுக்கணும், மூணு சிட்டிங்" என்று மூன்றுக்கும் சேர்த்துப் பணம் வாங்கிவிட்டார்கள். புது எக்ஸ்ரே இல்லை. ஸ்கேனும் இல்லை. கையால் தடவி இடம் பார்த்து ஊசி குத்தினார்கள். சிரிஞ்சில் வந்தது வெறும் தெளிந்த தண்ணீர். "கரைஞ்சு போச்சு" என்றார்கள். பாலையும் கால்சியம் மாத்திரையையும் நிறுத்தச் சொன்னார்கள்.

இதில் முதல் தவறு எட்டு மாதப் பழைய படத்தை நம்பியது. கால்சிஃபிக் டெண்டினைட்டிஸ் என்கிற இந்த நோயில் அது சின்னத் தவறு இல்லை, ஏனென்றால் இந்தப் படிவு ஒரே நிலையில் நிற்கிற பொருளே அல்ல.

தோள் மூட்டைச் சுற்றியுள்ள தசைநாண்களில், பெரும்பாலும் சுப்ராஸ்பைனேட்டஸ் என்ற மேல்நாணில், இது உருவாகிறது. முதலில் நாணின் ஒரு சிறு பகுதி குருத்தெலும்பு போல மாறுகிறது. பிறகு அங்கே சுண்ணாம்பு சேர்கிறது. சேரும்போதும், சேர்ந்து அப்படியே கிடக்கும்போதும் வலி குறைவு. பலருக்கு வலியே இருக்காது. இந்தக் கட்டம் மாதக்கணக்கிலோ வருடக்கணக்கிலோ நீளலாம். பிறகு ஒரு கட்டத்தில் படிவைச் சுற்றிப் புது ரத்தக் குழாய்கள் முளைத்து, உடம்பே அதைத் தின்று கரைக்கத் தொடங்கும். அப்போது கெட்டிச் சுண்ணாம்பு பற்பசைப் பதத்துக்கு வந்து, உள்ளே அழுத்தம் ஏறும். சில சமயம் நாணின் மேல் இருக்கும் பர்சா என்ற பைக்குள் கசிந்துவிடும். ராத்திரியில் உலுக்கி எடுக்கிற அந்த வலி இந்தக் கட்டத்தில்தான் வருகிறது. அதாவது வலி உச்சத்தில் இருக்கும்போது, பெரும்பாலும் படிவு கரைந்துகொண்டிருக்கிறது. "பெருசாயிடுச்சு" என்று சொன்னது நேர் தலைகீழ்.

எக்ஸ்ரேயில் இதைப் பார்த்தே சொல்லலாம். கார்ட்னர் வகைப்பாடு என்று ஒன்று உண்டு. முதல் வகை அடர்த்தியாக, ஓரம் வெட்டினாற்போல இருக்கும்: சேர்ந்து கிடக்கும் கட்டம். மூன்றாம் வகை புகைமூட்டம் போல மங்கி, ஓரம் எங்கே முடிகிறதென்றே தெரியாது: கரையும் கட்டம். இடைப்பட்டதெல்லாம் இரண்டாம் வகை. அந்தப் பெண்ணின் ஜனவரி படம் முதல் வகை. ஊசி குத்தி இரண்டு வாரம் கழித்து இன்னொரு இடத்தில் எடுத்த படத்தில் அந்தத் துண்டே இல்லை. அதே இடத்திலிருந்து பக்கவாட்டில் இழுத்துவிட்ட மாதிரி மெல்லிய வெண்தடம் மட்டும். சுண்ணாம்பு பர்சாவுக்குள் கசிந்ததன் அடையாளம் அது. நாணுக்குள் உறிஞ்சி எடுக்க மிச்சமிருந்தது மிகக் கொஞ்சம். ஊசிக்கு முன்பே அல்ட்ராசவுண்டை வைத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

முறையாகக் கழுவி எடுப்பது எப்படி இருக்கும் என்று தெரிந்தால் ஏமாற மாட்டீர்கள். ஸ்கேனைப் பார்த்துக்கொண்டேதான் செய்ய வேண்டும். தோலிலும் பர்சாவிலும் மரப்பு மருந்து போட்டு, 16 அல்லது 18 கேஜ் ஊசியைப் படிவின் நடுவுக்கு ஒரே குத்தில் கொண்டுபோக வேண்டும். பலமுறை குத்தினால் படிவின் சுவர் ஓட்டையாகி, செலுத்துகிற நீர் வெளியே ஒழுகிவிடும். பிறகு கழுவ முடியாது. சலைனோ மரப்பு மருந்தோ நிரப்பிய சிரிஞ்சை மாட்டி, பிஸ்டனைக் கொஞ்சமாக அழுத்தி விட்டால், உள் அழுத்தத்தால் நீர் தானே திரும்பி வரும், சுண்ணாம்பையும் சேர்த்துக்கொண்டு. சிலர் இரண்டு ஊசி வைத்து ஒன்றில் செலுத்தி மற்றதில் வெளியே எடுப்பார்கள்; அதுவும் சரியான முறையே. சிரிஞ்சில் முதலில் பால் கலந்த மாதிரி கலங்கும். அதைக் கொஞ்ச நேரம் அசைக்காமல் வைத்தால் வெள்ளைப் பொடி அடியில் படியும். அதைக் காட்டச் சொல்லுங்கள், காட்டுவார்கள். நீர் தெளியும்வரை சிரிஞ்ச் மாற்றி மாற்றிச் செய்து, கடைசியில் பர்சாவுக்குள் ஸ்டீராய்டு போட்டு முடிப்பார்கள். கெட்டியான முதல் வகையில் ஒன்றும் வராமலும் போகலாம். அது மருத்துவரின் குற்றமில்லை, ஆனால் "வரவில்லை" என்று சொல்ல வேண்டும். தெளிந்த தண்ணீரைக் காட்டி "கரைஞ்சு போச்சு" என்பது பொய்.

மூன்று சிட்டிங் முன்பணம் ஏன் மோசம்? கடும் வலி, எதுவும் செய்யாவிட்டாலும், பெரும்பாலும் சில வாரங்களில் தணியும். பேக்கேஜ் ஓடிக்கொண்டிருந்தால் அந்தப் பெருமை ஊசிக்குப் போய்விடும். இன்னொன்று, முறையாகக் கழுவிய பிறகும் சிலருக்கு இரண்டு மூன்று மாதத்தில் பர்சா வீங்கி வலி திரும்பும், பிறகு அடங்கும். அந்த வலியைக் காட்டித்தான் அடுத்த சிட்டிங்கை விற்கிறார்கள். ஒவ்வொரு சிட்டிங்கிலும் ஸ்டீராய்டு ஏறுகிறது என்பதை மறக்க வேண்டாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஒரே ஊசியிலேயே சில நாள் சர்க்கரை எகிறும்.

கழுவுவதே வீண் என்று சொல்லவில்லை. ஆனால் அதன் பலன் விளம்பரத்தில் சொல்கிற அளவுக்கு இல்லை. நார்வே, ஸ்வீடனில் 6 மருத்துவமனைகளில் 220 பேரிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், ஒரு பிரிவினருக்குக் கழுவி ஸ்டீராய்டு போட்டார்கள். இன்னொரு பிரிவினருக்குக் கழுவுவது போலச் செய்து ஸ்டீராய்டு மட்டும். மூன்றாம் பிரிவினருக்கு இரண்டுமே இல்லாமல் மரப்பு மருந்து மட்டும். நான்கு மாதத்தில் மூன்று பிரிவினருக்கும் இடையே வித்தியாசம் இல்லை. அது மூன்று மாதத்துக்கு மேல் வலி நீடித்தவர்களிடம் செய்தது. திடீர்க் கடும் வலிக்கு அப்படியே பொருந்தாது. கடும் வலியில், படிவு மெத்தென்று இருந்து அழுத்தம் ஏறியிருந்தால், எடுத்துவிடுவது உடனே ஆசுவாசம் தரும். அதனால்தான் அன்றைய எக்ஸ்ரேயும் அன்றைய ஸ்கேனும் வேண்டும் என்கிறோம்.

பால் விஷயம்: இந்தச் சுண்ணாம்பு சாப்பாட்டிலிருந்து வந்து தங்குவதல்ல. பாலை நிறுத்தினால் அது கரையாது. எலும்புத் தேய்மானத்துக்காகக் கால்சியம் மாத்திரை எடுப்பவர்கள் தோள் படிவைக் காரணமாகக் காட்டி நிறுத்த வேண்டியதில்லை.

காய்ச்சல், தோளில் சிவப்பு, சூடு இருந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். மூட்டில் சீழ் பிடித்தாலும் இதே போலத்தான் வலிக்கும். அதை முதலில் விலக்க வேண்டும்.

அந்தப் பெண் மீதி இரண்டு சிட்டிங்குக்குப் போகவில்லை. ஜனவரி படம், செப்டம்பர் கடைசியில் எடுத்த படம் இரண்டின் நகலையும் வைத்து, மீதிப் பணத்தைக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். செய்த சிகிச்சையின் குறிப்பையும், ஊசி வைத்த நேரத்து ஸ்கேன் படங்களையும் எழுத்தில் கேட்டார். குறிப்பு வந்தது. எடுக்காத ஸ்கேனுக்குப் படம் எப்படி வரும்?