ஷோ காஸ் நோட்டீஸுக்கு எந்தப் பதில்: ஒரே பத்தியா, தொகைவாரியா?

வங்கியில் கட்டிய 9 லட்சம் ரூபாய் ரொக்கத்தை, விளக்கப்படாத பணம் என்று 1961 வருமான வரிச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் வருமானத்தோடு சேர்க்கப்போவதாக நோட்டீஸ் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

"எல்லாம் கணக்கில் உள்ள பணம், கைவிடுங்கள்" என்று ஒரே பத்தியில் எழுதினால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் உத்தரவில் "விளக்கம் ஆதாரமற்றது" என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள்.

ஒவ்வொரு தொகைக்கும் தனித்தனியாக விளக்கம் தரும் தொகைவாரிப் பதிலுக்கு இரண்டு நாள் உழைப்பு வேண்டும். 6 லட்சம் அதே கணக்கில் மூன்று வாரம் முன்பு எடுத்தது, பாஸ்புக் பக்கம் இணைப்பு 1. 3 லட்சம் கடை விற்பனை, ரொக்கப் புத்தகம் இணைப்பு 2. எடுத்ததற்கும் கட்டியதற்கும் இடைவெளி நீண்டிருந்தால், பணம் அதுவரை எங்கே இருந்தது என்பதையும் எழுத வேண்டும். கேள்வி அங்கேதான் வரும். அப்புறம், வீடியோ விசாரணை வேண்டும் என்ற கோரிக்கையையும் பதிலிலேயே சேர்த்துவிடுங்கள். என் தேர்வு தொகைவாரிப் பதில்தான்: மேல்முறையீட்டில் கைகொடுப்பது இந்தப் பதிவே.