சுயாதீனப் பணிப்பாளரின் இராஜினாமா: மூன்று கடிதங்களில் எது நிற்கும்?

பரந்தன் பக்கத்தில் ஓர் அரிசி மில் கம்பனி என்று வைத்துக்கொள்வோம். காலபோக அறுவடையில், முகாமைப் பணிப்பாளரின் மனைவி பெயரிலுள்ள கொள்முதல் கடையிலிருந்து கம்பனி 100,000 கிலோ நெல் வாங்குகிறது. கிலோ 100 ரூபா. சுயாதீனப் பணிப்பாளர் கேள்வி கேட்டால், "எல்லாருக்கும் ஒரே விலைதானே" என்று சபை வாயை அடைக்கிறது.

விலை ஒன்றுதான். ஆனால் மற்றவர்களின் நெல்லுக்கு ஈரமானி வைத்துப் பார்த்து நிறையில் கழிக்கிறார்கள். இந்த நெல்லுக்குக் கழிவே இல்லை. தராசுத் துண்டில் ஈரம் 20 வீதம் என்று இருக்கிறது. களஞ்சியத்தில் வைக்க 14 வீதத்துக்குக் காயவைத்தால் மிஞ்சுவது ஏறக்குறைய 93,000 கிலோ. மீதி 7,000 கிலோ தண்ணீர். அதற்குக் கம்பனி 7 இலட்சம் ரூபா கொடுத்திருக்கிறது.

கேட்டும் சபை அசையவில்லை, விலகுவதாக முடிவு. இனி கடிதம்.

முதலாவது, ஊரில் எல்லாரும் எழுதுவது: "சொந்தக் காரணங்களால் விலகுகிறேன்." உறவு முறியாது, ஐந்து நிமிட வேலை. ஆனால் நாளை வங்கியோ மற்றப் பங்குதாரர்களோ இந்தக் கொள்முதலைக் கிளறினால், "அவரும் ஒத்துக்கொண்டுதானே இருந்தார், போகும்போதுகூட ஒன்றும் சொல்லவில்லையே" என்று இதே கடிதத்தைத்தான் காட்டுவார்கள். சபையோடு முரண்பட்டு விலகுகிறவர் இதை எழுதவே கூடாது.

இரண்டாவது, கோபக் கடிதம்: "குடும்பமே கம்பனியைக் கொள்ளையடிக்கிறது, சம்பந்தப்பட்டவரே சட்டத்தை மீறி வாக்களித்தார்." கொள்ளை என்ற சொல்லை நிரூபிக்கும் பாரம் எழுதியவர் தலையில் விழும். வாக்களித்ததைப் பற்றிய வரியோ சட்டப்படியே பிழை. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தில், கம்பனியின் அமைப்பு விதிகள் தடுக்காவிட்டால், நலன் உள்ள பணிப்பாளரும் வாக்களிக்கலாம். மறுபக்கச் சட்டத்தரணி அந்த ஒரு வரியைப் பிடித்தே கடிதம் முழுவதையும் தட்டிவிடுவார்.

உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. 192ஆம் பிரிவின்படி, ஒரு கொடுக்கல் வாங்கலில் தனக்கு நலன் இருப்பது தெரிந்தவுடன் பணிப்பாளர் அதன் தன்மையையும் பணப்பெறுமதியையும் நலன் பதிவேட்டில் எழுதுவித்துச் சபைக்கும் சொல்ல வேண்டும். (தனியார் கம்பனியில் பங்குதாரர் எல்லாரும் ஒருமித்து அந்தப் பதிவேட்டை விலக்கியிருக்கவும் கூடும், எழுதமுன் செயலாளரிடம் பார்க்க வேண்டும்.) இதைவிட முக்கியம் நியாயமான பெறுமதி. சொல்லாமல் செய்த கொடுக்கல் வாங்கலைக் கம்பனி பிறகு ரத்துச் செய்யலாம். ஆனால் கம்பனிக்கு நியாயமான பெறுமதி கிடைத்திருந்தால் ரத்துச் செய்ய முடியாது. ஆகவே ஈரக் கணக்குத்தான் கடிதத்தின் முதுகெலும்பு.

மூன்றாவது கடிதம் அதைத்தான் சொல்கிறது:

"மார்ச் 12 கூட்டத்தில், முகாமைப் பணிப்பாளரின் மனைவிக்குச் சொந்தமான கடையிலிருந்து 100,000 கிலோ நெல் வாங்கியது பற்றிக் கேட்டேன். தராசுத் துண்டில் ஈரம் 20 வீதம். மற்ற வழங்குநர்களுக்குச் செய்த ஈரக்கழிவு இதற்குச் செய்யப்படவில்லை. வித்தியாசம் ஏறக்குறைய 7 இலட்சம் ரூபா. நலன் பதிவேட்டில் பதிவில்லை. என் எதிர்ப்பு கூட்டக் குறிப்பில் இடம்பெறவில்லை. இந்தக் கொடுக்கல் வாங்கலைச் சபை கையாண்ட விதத்தோடு உடன்படாததால் விலகுகிறேன். வேறு காரணம் இல்லை."

இதில் திட்டு இல்லை, நோக்கம் பற்றிய ஊகமும் இல்லை. கடைசி வசனம் அவசியம்; இல்லாவிட்டால் "உடல்நிலை சரியில்லாமல் போனவர்" என்று கதை கட்டுவார்கள். கணக்காய்வாளர் இதைக் கண்டால் தராசுத் துண்டைக் கேட்காமல் விடுவது கடினம்.

இந்தக் கடிதமும் தனியே போதாது. விலகமுன் கூட்டக் குறிப்பைத் திருத்தச் சொல்லி எழுத்தில் கேட்டிருக்க வேண்டும்; மறுத்தார்கள் என்றால் அந்த மறுப்பும் கடிதத்துக்குள் வர வேண்டும். தேவையான பதிவுகளைப் பணிப்பாளராக இருக்கும்போதே பார்த்துவிடுவது நல்லது. விலகிய பிறகு தராசுத் துண்டைக் கேட்டால் கிடையாது. சபையில் கேள்வி கேட்க இன்னொருவராவது கூட நிற்கிறார் என்றால், ஒரு கூட்டம் பொறுத்துத் திருத்த முயல்வதே மேல் என்பது எங்கள் எண்ணம்.

கொடுக்கும் இடத்திலும் சறுக்குகிறார்கள். 207ஆம் பிரிவின்படி கையொப்பமிட்ட கடிதம் கம்பனியின் முகவரிக்குப் போய்ச் சேரும்போதுதான், அல்லது கடிதத்தில் குறித்த பிந்திய நாளில்தான், விலகல் செல்லும். மில் பரந்தனிலும் பதிவு செய்த அலுவலகம் கொழும்பிலும் இருந்தால் கொழும்புக்கே பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். மில் மனேஜர் கையில் கொடுத்ததோ வாட்ஸ்அப்பில் போட்ட படமோ போதாது. பிரதி எல்லாப் பணிப்பாளர்களுக்கும் செயலாளருக்கும். பிறகு கம்பனிப் பதிவாளருக்குப் படிவம் 20 போனதா என்று பார்க்க வேண்டும். போகாவிட்டால் பெயர் அங்கே கிடக்கும்.

கம்பனிக் கடனுக்கு வங்கியில் தனிப்பட்ட பிணைக் கையொப்பம் வைத்திருந்தால், இராஜினாமா அதை நீக்காது. அதிலிருந்து விடுவிக்கும்படி வங்கிக்கு வேறாக எழுதி, வங்கி எழுத்தில் விடுவித்ததை வாங்கி வைக்க வேண்டும்.