சுட்ட படத்தை நீக்கச் சொல்ல: கமெண்டா, இன்பாக்ஸா, புகாரா?

கோடியக்கரையில் ஒரு தை மாதக் காலையில் எடுத்த பூநாரைப் படம் அது. பறவை தலையைக் கவிழ்த்து நீருக்குள் அலகை விட்டு மேய்கிற நொடி கிடைக்க மூன்று நாள் காத்திருந்தேன். படத்தோடு ஆறு வரிக் குறிப்பும் எழுதி என் பக்கத்தில் போட்டேன். நான்காம் நாள் நண்பர் ஒருவர் இணைப்பு அனுப்பினார், ஏகப்பட்ட பேர் பின்தொடர்கிற ஒரு பக்கத்தில் என் படமும் என் குறிப்பும் கிடக்கின்றன, ஓரத்தில் இருந்த என் பெயர் மட்டும் வெட்டப்பட்டிருக்கிறது. குறிப்பில் நான் 'மேய்கிறது' என்பதை 'மேகிறது' என்று தட்டியிருந்தேன், அந்தப் பிழையும் அப்படியே இருந்தது. எழுத்து தன்னுடையதுதான் என்று காட்ட இதைவிட எளிய சாட்சி கிடைக்காது.

இப்படி ஆனால் முன்னால் இருப்பது மூன்று வழி: தனியாக இன்பாக்ஸில் கேட்பது, பதிவின் கீழேயே எல்லோரும் பார்க்கக் கேட்பது, தளத்தின் காப்புரிமைப் படிவத்தில் நேராகப் புகார் கொடுப்பது. மூன்றையும் செய்து பார்த்திருக்கிறேன். எதைச் செய்தாலும் அதற்கு முன் ஒரு வேலை உண்டு: பதிவின் முகவரி, தேதி, பக்கத்தின் பெயர் எல்லாம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட வேண்டும். நாம் வாய் திறந்த அடுத்த நிமிடம் பதிவு காணாமல் போகலாம், பத்து நாள் கழித்து வேறு தலைப்போடு திரும்பியும் வரலாம்.

இன்பாக்ஸ்தான் மரியாதையான வழி என்று பலரும் சொல்வார்கள். நூறு இருநூறு பேர் பார்க்கிற தனிநபர் கணக்கு என்றால் நானும் அதையே செய்வேன், ஆசையாக எடுத்துப் போட்ட ஒருவரை அவருடைய அத்தை, மாமா முன்னால் நிறுத்திக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் முன்பின் தெரியாதவர் அனுப்புகிற செய்தி பெரும்பாலும் கோரிக்கைப் பெட்டியில் போய் உட்கார்ந்துகொள்ளும், அவர்கள் திறந்து பார்ப்பதே இல்லை. பெரிய பக்கம் என்றால் பார்த்தும் விட்டுவிடுவார்கள், ஏனென்றால் கேட்டது வேறு யாருக்கும் தெரியாது.

நேரடிப் புகார் வலுவானது. இந்தியாவில் படம் எடுத்த அந்தக் கணமே காப்புரிமை எடுத்தவருக்கு வந்துவிடுகிறது, பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சம்பளத்துக்கோ கூலிக்கோ எடுத்த படமென்றால் மட்டும் கதை வேறு. 1957 சட்டத்தின் 57ஆம் பிரிவு, படைப்பு தன்னுடையது என்று உரிமை கோரும் உரிமையையும் தனியாகத் தருகிறது. படிவத்தில் அசலின் முகவரி, நகலின் முகவரி இரண்டையும் கொடுத்தால் பல சமயம் பதிவு போய்விடும். ஆனால் இரண்டு விஷயம் இடிக்கும். புகார் கொடுத்தவரின் பெயரையும் மின்னஞ்சலையும் எதிர்த்தரப்புக்குத் தளம் கொடுக்கக்கூடும், அதனால் இதற்கென்று தனி மின்னஞ்சல் வைத்துக்கொள்வது நல்லது, பெண்களுக்குக் கட்டாயம் சொல்வேன். இன்னொன்று, புகார் போனால் அந்தக் கணக்கின் மேல் கறுப்புப் புள்ளி விழும். தெரியாமல் செய்தவருக்கு அது அதிகத் தண்டனை.

அதனால் பொதுப் பக்கங்களுக்கு என் முதல் தேர்வு கமெண்ட்தான். ஆனால் எழுதுகிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. கோபத்தில் நான் முதலில் தட்டியது இது:

"அடுத்தவர் உழைப்பைத் திருடிப் போட வெட்கமாக இல்லையா? பெயராவது போடக் கூடாதா?"

அனுப்பவில்லை. 'திருடி' என்றதும் அவர்கள் படத்தை விட்டுவிட்டு அந்தச் சொல்லுக்குப் பதில் சொல்ல ஆரம்பிப்பார்கள். நமக்கு வேண்டியவர்கள் நாலு பேர் வந்து திட்டுவார்கள், அட்மின் எல்லோரையும் பிளாக் செய்துவிட்டுப் போவார். அதோடு அட்மின் வாட்ஸப் குழுவிலிருந்துகூட எடுத்திருக்கலாம், அங்கே சுற்றி வந்த படத்தில் கேமரா விவரமெல்லாம் அழிந்திருக்கும், யாருடையது என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை. இன்னும் பெரிய தப்பு அந்த 'பெயராவது'. நீக்கச் சொல்ல வந்தவர் தானே விலையைக் குறைத்துக்கொள்கிற சொல் அது. நூறு கமெண்டுக்கு நடுவே "படம்: நன்றி" என்று ஒரு வரி போட்டுவிட்டு, கொடுத்துவிட்டோமே என்பார்கள். கடைசியில் அனுப்பியது இது:

"வணக்கம். இந்தப் பூநாரைப் படமும் மேலே உள்ள குறிப்பும் என்னுடையவை, சென்ற ஞாயிறு என் பக்கத்தில் போட்டேன். வெட்டப்படாத அசல் கோப்பு என்னிடம் இருக்கிறது. உங்களுக்கு வேறு யாராவது அனுப்பியிருக்கலாம். வேறு இடத்தில் பதிவிட நான் அனுமதி தரவில்லை என்பதால், வியாழன் மாலைக்குள் இதை நீக்கிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். நன்றி."

கோரிக்கை ஒன்றுதான், நாளும் ஒன்றுதான். 'வேறு யாராவது அனுப்பியிருக்கலாம்' என்ற வரி அவர்கள் முகம் கெடாமல் பின்வாங்க ஒரு வாசல், அதை வைக்காமல் எழுதினால் ஆள் இறங்கி வருவது கஷ்டம். சட்டப் பிரிவு எதையும் சொல்லவில்லை, அது இரண்டாம் கட்டத்துக்கு. இணைப்பும் ஒட்டவில்லை, இணைப்பு உள்ள கமெண்டைத் தளமே குப்பை என்று ஒதுக்கிவிடுவது உண்டு.

இந்த வழியிலும் ஒரு பொறி இருக்கிறது. ஃபேஸ்புக் பக்கத்தை நடத்துபவர் கமெண்டை அழிக்காமல் மறைத்து வைக்கலாம். அப்போது எழுதிய நமக்கும் நம் நண்பர்களுக்கும் மட்டும் அது தெரியும், மற்றவர்களுக்கு இல்லவே இல்லை. நாம் பொதுவில் கேட்டுவிட்டோம் என்று நினைத்துக் காத்துக்கொண்டிருப்போம். நம் நட்பு வட்டத்தில் இல்லாத ஒருவரை அந்தப் பதிவைத் திறந்து பார்க்கச் சொன்னால் தெரிந்துவிடும். மறைத்திருந்தால் அவர்கள் படித்துவிட்டார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன், அதற்கு மேல் கெஞ்ச வேண்டாம், ஸ்கிரீன்ஷாட்டோடு புகாருக்குப் போய்விடலாம்.

சரி, நீக்கத்தான் சொல்ல வேண்டுமா, பெயர் போட்டால் போதாதா? படத்தை விக்கிமீடியா காமன்ஸில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கொடுத்திருந்தால் பெயர்தான் கேட்க வேண்டும், யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று நாமே சொல்லியாயிற்று. அந்த உரிமத்தின் 4.0 பதிப்பில், பெயர் போடாததால் போன உரிமை, தவறு தெரிந்து 30 நாளுக்குள் சரிசெய்தால் எடுத்துப் போட்டவருக்குத் தானாகத் திரும்பிவிடும். அங்கே கமெண்டின் கடைசி வரி "பதிவின் முதல் வரியில் என் பெயரையும் உரிமத்தையும் சேர்த்துவிடுங்கள்" என்று மாறும். எங்கே என்று சொல்வது முக்கியம், இல்லாவிட்டால் கமெண்டுக்குள் போய்விடும். உரிமம் எதுவும் தராத படம் என்றால், முக்கியமாகப் பெயரை வெட்டிப் போட்டது என்றால், நான் நீக்கவே சொல்வேன். வெட்டின படத்துக்கு மேலே பெயரை எழுதினாலும் அங்கிருந்து அடுத்தவர் எடுத்துப் போகப்போவது பெயரில்லாத படத்தைத்தான்.

பூநாரைப் பதிவு புதன் இரவே போய்விட்டது. "குழுவில் வந்தது சகோ, தெரியாது, எடுத்துவிட்டோம்" என்று இன்பாக்ஸில் ஒரு வரி வந்தது. அதற்குள் அங்கிருந்து இன்னொரு பக்கம் அதை எடுத்துப் போட்டிருந்தது. அங்கேயும் அதே கமெண்டைப் போட்டேன், ஒரு மணி நேரத்தில் மறைத்துவிட்டார்கள். அதற்குப் படிவம் நிரப்பினேன்.