இரவு சார்ஜ்: மாடி வயரா, தனி லைனா, வாடகை யார்டா?

சென்னையில் மின் ஆட்டோ ஓட்டும் என் மச்சானுக்கு இரவு சார்ஜ் போட மூன்று வழிகள் இருந்தன. மாடி வீட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயரைத் தொங்கவிடலாம், மீட்டரிலிருந்து கீழே தனி லைன் இழுக்கலாம், இல்லையென்றால் பக்கத்துத் தெரு சார்ஜிங் யார்டில் இரவுக்கு 120 ரூபாய் கொடுத்து வண்டியை நிறுத்தலாம். "மாமா, வயர்தான் இருக்கே, எதுக்கு வீண் செலவு?" என்றான். கணக்குப் போட்டுப் பார்த்தோம்.

அவன் வண்டி ஓர் இரவுக்குச் சுமார் 7 யூனிட் இழுக்கிறது. ஞாயிறு ஓய்வு. இரண்டு மாதத்துக்கு 52 இரவு, 364 யூனிட். வீட்டுக்கு மட்டும் 300 யூனிட் ஓடுகிறது. 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி 300 யூனிட்டுக்கு 700 ரூபாய்க்குப் பக்கத்தில் வரும். ஆட்டோவும் சேர்ந்தால் 664. இங்கேதான் இடி. 500-ஐத் தாண்டியதும் கீழ் அடுக்குகளின் சலுகையும் குறைகிறது, மேல் யூனிட்டுகள் 8.55, 9.65 என்று ஏறுகின்றன. பில் 3,550 ரூபாயைத் தொடும். அதாவது ஆட்டோவின் பங்கு சுமார் 2,850, யூனிட்டுக்கு ஏறக்குறைய 7.80. இந்த வீட்டுக் கட்டணத்தில் இரவு நேரத்துக்கென்று தனிச் சலுகை எதுவும் இல்லை. வாடகை வீட்டில் ஓனர் யூனிட்டுக்கு 10 ரூபாய் வாங்கினால்கூட 3,640 ரூபாய்தான். யார்டுக்கு அதே 52 இரவுக்கு 6,240 ஆகும்.

ஆக, வீடுதான் மலிவு. ஆனால் எந்த வயரில்?

சார்ஜர் சுமார் 12 ஆம்பியர் இழுக்கும், கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் விடாமல். மிக்ஸி, அயர்ன் பாக்ஸ் மாதிரி போட்டு எடுக்கிற விஷயம் இல்லை. மச்சானிடம் இருந்தது 1 சதுர மில்லிமீட்டர் வயர், 30 மீட்டர். போகவும் வரவும் சேர்த்து அதன் மின்தடை ஓர் ஓம் அளவுக்கு வரும். 12 ஆம்பியர் ஓடினால் 150 வாட்டுக்கு மேல் வயரிலேயே சூடாகப் போகும். தினம் அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவான வீண். காசுக்கு அது பெரிதில்லை. மிச்ச வயரைச் சுருட்டிப் போட்டிருந்தான், அதுதான் ஆபத்து. அந்தச் சுருளில் சூடு வெளியேற வழியில்லாமல் உறை இளகிவிடும்.

அதைவிட மோசமான இடம், பிளக்கின் பின்கள் சாக்கெட்டில் நுழையும் இடம். தளர்ந்த சாக்கெட்டில் ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்கு தடை இருந்தாலே 14 வாட் சூடு, பட்டாணி அளவு இடத்தில். சார்ஜ் போட்டு அரை மணி கழித்து பிளக்கின் பிளாஸ்டிக் உடலைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைத்திருக்க முடியாவிட்டால், பின் அருகே பழுப்புக் கறை இருந்தால், மீன் வாடை போல ஏதாவது அடித்தால் சார்ஜை நிறுத்திவிட்டு மெயினை அணையுங்கள். டேப் சுற்றிச் சமாளிக்கக் கூடாது, சாக்கெட்டை மாற்ற வேண்டும்.

தனி லைனுக்கு நாங்கள் போட்டது 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், மின்சாரம் அளவுக்கு மீறி ஓடினால் தானே அணையும் 16 ஆம்பியர் எம்.சி.பி., மின்கசிவு வந்தால் தானே அணையும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., மழைக்குத் தாங்கும் மூடி போட்ட 16 ஆம்பியர் சாக்கெட். மழைத் தண்ணீர் தேங்கும் தெரு என்பதால் சாக்கெட்டை நெஞ்சு உயரத்தில் வைத்தோம். எலக்ட்ரீஷியனிடம் எர்த்தை அளந்து காட்டச் சொல்லுங்கள். பல பழைய வீடுகளில் மூன்றாவது ஓட்டை வெறும் அலங்காரம்தான். வயர் வேலைக்கு முன் மின் இணைப்பின் அனுமதிக்கப்பட்ட லோடு போதுமா என்றும் பார்க்க வேண்டும்.

எர்த் ராடு உட்பட மொத்தம் சுமார் 13,000 ரூபாய் ஆனது. யார்டோடு ஒப்பிட்டால் இரண்டு மாதத்துக்கு 3,400 மிச்சம், எட்டு மாதத்தில் கை நேராகிவிடும். வண்டி நிறுத்த இடமே இல்லாதவருக்கு யார்டுதான் சரி, அங்கே 120 ரூபாயில் பார்க்கிங்கும் காவலும் சேர்ந்து வருகின்றன.

பேட்டரி விஷயத்திலும் வீடு கொஞ்சம் முந்துகிறது. லித்தியம் பேட்டரி, ஓடி வந்த சூட்டோடு சார்ஜ் ஏறுவதையும், நிறைந்து சூட்டில் மணிக்கணக்காகக் கிடப்பதையும் விரும்பாது. யார்டில் பத்து மணிக்குச் செருகிவிடுவார்கள், ஒரு மணிக்கு நிறைந்து காலைவரை நிற்கும். வீட்டில் மச்சான் அதிகாலை இரண்டரைக்குத் தொடங்கும்படி டைமர் வைத்திருக்கிறான், ஐந்தரைக்கு முடியும், ஆறு மணிக்கு வண்டி கிளம்பும். டைமரும் 16 ஆம்பியர் தாங்குவதாக இருக்க வேண்டும், சீரியல் பல்ப் டைமர் இங்கே உருகும். சவாரி குறைவான நாளில் 80, 90 சதவீதத்தில் நிறுத்தலாம், ஆனால் வாரம் ஒருமுறை முழுசாக ஏற்றினால்தான் செல்கள் சமமாகி, மீட்டர் காட்டும் சதவீதமும் பொய் சொல்லாது.

லெட் ஆசிட் பேட்டரி போட்ட இ-ரிக்‌ஷா என்றால் இந்த வழக்கம் தலைகீழ். அதை அரைகுறையாக விட்டால் தகடுகளில் சல்பேட் படியும், தினமும் முழுசாக ஏற்ற வேண்டும். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும் என்பதால் பூட்டிய ஷெட் வேண்டாம்.