ஸ்பைரோனோலாக்டோனோடு இரண்டரை வருடம்: வகிடும் மாதவிடாயும்

எனக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டவில்லை. வகிடுதான் அகன்றுகொண்டே போனது. குங்குமம் வைக்கும்போது ஒரு கோடாக இருந்த இடம், மகளுக்கு இரண்டு வயதாகும்போது சுண்டுவிரல் அகலத்துக்கு வந்திருந்தது. தோல் டாக்டர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். ஒரே இடத்தில் தடித்த முடியும் பூனைமுடி மாதிரி மெலிந்த முடியும் கலந்திருக்கிறது, இது பெண்களுக்கு வரும் வழுக்கை வகை என்றார். தைராய்டு, இரும்புச்சத்து இரண்டும் சரியாகவே இருந்தன. எட்டு மாதம் மினாக்சிடில் தடவியும் வகிடு பெரிதாகக் குறையாததால் ஸ்பைரோனோலாக்டோன் பற்றிப் பேச்சு வந்தது.

இது முடிக்காகக் கண்டுபிடித்த மருந்து இல்லை. ரத்தக் கொதிப்புக்கும் உடம்பில் நீர் கோப்பதற்கும் கொடுக்கும் பழைய மாத்திரை. ஆண் ஹார்மோன் முடியின் வேரில் போய் ஒட்டும் இடத்தையும் இது அடைத்துவிடுவதால், டாக்டர்கள் தங்கள் அனுபவத்தை வைத்து இதற்கும் எழுதித் தருகிறார்கள்.

பேனாவைக் கையில் எடுக்கும் முன் டாக்டர் கேட்டது இரண்டு கேள்விதான். கடைசியாக எப்போது மாதவிடாய் வந்தது? அடுத்த குழந்தை எப்போது? கர்ப்பப் பரிசோதனையும், ரத்தத்தில் பொட்டாசியமும், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் பார்த்த பிறகே 25 மில்லிகிராமில் ஆரம்பித்தார். அப்புறம் 50, மூன்றாம் மாதத்திலிருந்து 100. முதல் வாரங்களில் அடிக்கடி சிறுநீர், எழுந்து நின்றால் லேசான கிறுகிறுப்பு, மார்பில் வலி. காலையில் சாப்பாட்டோடு போட ஆரம்பித்ததும் இரவில் எழுந்திருப்பது நின்றது.

நான் செய்த தவறு நாலாவது மாதத்தில். ஆணுறை மட்டும் போதும் என்று இருந்தேன். அந்த மாதம் மாதவிடாய் பதினோரு நாள் தள்ளிப்போனது. இந்த மாத்திரை மாதவிடாயைத் தாறுமாறாக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அதனால் மாத்திரைதான் காரணம் என்று முடிவு கட்டி, தினமும் போட்டுக்கொண்டே இருந்தேன். பன்னிரண்டாம் நாள் பயம் வந்து வீட்டிலேயே டெஸ்ட் செய்தேன். ஒரே கோடு. ஒரு வாரம் விட்டு மறுபடி பார்த்தபோதும் ஒரே கோடுதான். ஆனால் டாக்டர் திட்டினார்: "தள்ளிப்போனா மாத்திரைன்னு நினைக்காதீங்க. முதல்ல டெஸ்ட், ரிசல்ட் தெரியற வரைக்கும் மாத்திரையை நிறுத்துங்க."

ஏன் இவ்வளவு கறார் என்று அன்றுதான் புரிந்தது. வயிற்றில் இருப்பது ஆண் குழந்தையானால், ஏறத்தாழ எட்டாவது வாரத்திலிருந்து அதன் பிறப்புறுப்பு வெளியே உருவாகும். அது உருவாக ஆண் ஹார்மோன் வேலை செய்ய வேண்டும். இந்த மாத்திரை தடுப்பதும் அதே ஹார்மோனைத்தான். விலங்குகளில் சோதித்தபோது ஆண் குட்டிகளின் உறுப்பு சரியாக வளராமல் போனது தெரியவந்தது. மனிதர்களில் சோதித்துப் பார்க்க யாரும் துணிய மாட்டார்கள். ஆணா பெண்ணா என்று அந்த வாரங்களில் நமக்குத் தெரியப்போவதும் இல்லை. அந்த மாதமே காப்பர் டி போட்டுக்கொண்டேன்.

பலன் மெதுவாகத்தான் வந்தது. ஆறு மாதத்தில் உதிர்வது குறைந்தது, அவ்வளவுதான். பன்னிரண்டாம் மாதம், அதே ஜன்னலுக்குப் பக்கத்தில் எடுத்த போட்டோக்களை அடுத்தடுத்து வைத்தபோதுதான் வகிடு ஒடுங்கியிருப்பது தெரிந்தது. பழைய கோடாகவில்லை, பாதி வழி வந்தது.

என் வகிட்டைப் பார்த்து நாத்தனார் மாத்திரையில் பாதி அட்டை கேட்டார். அவருக்கு வயது 49, ரத்தக் கொதிப்புக்குத் தினமும் டெல்மிசார்டன் போடுகிறார். அதுவும் பொட்டாசியத்தை ஏற்றும், இதுவும் ஏற்றும். சேர்ந்தால் இதயத் துடிப்பே தடுமாறலாம். "ஒண்ணு ரெண்டு போட்டா என்னடி ஆகும்?" என்று கோபித்துக்கொண்டார். கர்ப்பம் பற்றிய கவலை குறைந்த வயது என்றாலும், பொட்டாசியம், சிறுநீரகம் பார்க்காமல் அவருக்கு இது ஆகாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு என் டாக்டர் இதை எழுதுவதே இல்லை. கொழுந்தனும் கேட்டான். ஆண்களுக்கு மார்பு பெருத்துவிடும் என்றதும் வாயை மூடிக்கொண்டான்.

இரண்டாவது குழந்தைக்கு முடிவெடுத்ததும், காப்பர் டியை எடுப்பதற்கு முன்பே மாத்திரையை நிறுத்தச் சொன்னார் டாக்டர். மருந்து சில நாளில் உடம்பை விட்டுப் போய்விடும் என்றாலும், ஒரு மாதமாவது இடைவெளி விட்டு, ஒரு மாதவிடாய் வந்து போன பிறகே முயற்சி செய்யுங்கள் என்றார். மினாக்சிடிலையும் அப்போதே நிறுத்தினேன். நிறுத்தி இப்போது ஐந்தாவது மாதம். சீப்பில் மறுபடி முடி சேர்கிறது, ஜன்னல் போட்டோவில் வகிடு கொஞ்சம் அகன்றிருக்கிறது. மிச்சமிருந்த அட்டையை, நாத்தனார் கண்ணில் படும் முன் மருந்துக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.