புதுக் காதலுக்குக் காதலர் தின வாழ்த்து: கவிதைப் படமா, நீண்ட கடிதமா, நாலு வரியா?

பழக ஆரம்பித்துச் சில வாரங்களிலேயே பிப்ரவரி 14 வந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் என்ன அனுப்புவது? மூன்று வழிகள் தெரிந்தன. இணையத்தில் கிடைக்கும் கவிதைப் படம், மனதில் உள்ளதையெல்லாம் கொட்டும் நீண்ட கடிதம், இருவருக்கும் தெரிந்த ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லும் நாலு வரி. நான் நாலு வரிதான் அனுப்பினேன். யார் கேட்டாலும் அதையே சொல்வேன்.

கவிதைப் படத்தில் ஆபத்து இல்லை, ஆனால் அதில் நீங்களும் இல்லை. அவ்வளவுதான்.

நீண்ட கடிதம் உண்மையான மனதோடு எழுதப்படுவது. அதனாலேயே தயங்கினேன். ஒரு செய்தியை அனுப்பும் முன், "இதற்கு அவர் என்ன பதில் எழுத முடியும்?" என்று பார்க்க வேண்டும். "வாழ்நாள் முழுக்க உன்னோடுதான்" என்பதற்கு "நானும்" என்பதைத் தவிர வேறு பதில் எடுபடாது. இன்னும் முடிவுக்கு வராதவர் அப்படிச் சொன்னால் அது பொய்யாகிவிடும், "நன்றி" என்றால் உங்களுக்கு வலிக்கும். அவர் எழுதி எழுதி அழித்துவிட்டுக் கடைசியில் ஒரு இதயப் படத்தோடு நிறுத்திக்கொள்வார்.

நான் அனுப்பியது இது:

"அன்னைக்கு மழைக்கு ஒதுங்கி நின்னப்போ உங்க பாட்டி கதை சொன்னீங்களே, அதை நினைச்சு இன்னும் சிரிச்சுட்டு இருக்கேன். இந்த மாசத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச சாயங்காலம் அது. உங்களோட பேசிட்டு இருக்கிறது சந்தோஷமா இருக்கு. காதலர் தின வாழ்த்துகள்!"

மழையும் கதையும் நடந்து முடிந்தவை. சந்தோஷம் இப்போதைக்கு உள்ளது. நாளைக்கு என்று எதையும் சொல்லவில்லை. முதலில் எழுதியபோது கடைசியில் "உங்களுக்கும் அப்படித்தானே?" என்று ஒரு வரி இருந்தது. அந்தக் கேள்வி மொத்தச் செய்தியையும் பரீட்சையாக்கிவிடும் என்று எடுத்துவிட்டேன். "பதில் போடணும்னு இல்லை" என்றும் சேர்க்கவில்லை. அப்படிச் சொன்னாலே பதிலை எதிர்பார்ப்பது தெரிந்துவிடும். இதற்கு "உங்களுக்கும் வாழ்த்துகள்" என்றாலும் பொருந்தும், நாலு பத்தி எழுதினாலும் பொருந்தும். அவர் பாட்டியின் இன்னொரு கதையை எழுதி அனுப்பினார்.

இருவரும் இன்னும் "நீங்க" என்றே பேசிக்கொண்டிருந்தால் அன்றைக்கு மட்டும் "நீ"க்குத் தாவ வேண்டாம்.

எதிரில் இருப்பவர் ஏற்கெனவே காதலைச் சொல்லிவிட்டிருந்தால் இந்த நாலு வரி கஞ்சத்தனமாகத் தெரியலாம். அந்த நிலையில் நான் இருந்ததில்லை, அதனால் உறுதியாகச் சொல்ல மாட்டேன். குரல் பதிவும் முயன்று பார்த்ததில்லை. அப்புறம், நேரம். இரவு சரியாக 12 மணிக்கு அனுப்பினால் விழித்திருந்து உடனே பதில் போட வேண்டிய கட்டாயம் வந்துவிடும் என்று, காலையில் அவர் வேலைக்குக் கிளம்பியிருக்கும் நேரம் பார்த்து அனுப்பினேன்.