சாறியை முகத்துக்குப் பொருத்துவது: ஒன்பது வருச ஸ்டூடியோ அனுபவம்

மாங்குளத்தில், ஏ9 வீதியோரம் என்னுடைய ஸ்டூடியோ இருக்கிறது. இங்கே வரும் வேலையில் பாதி, இறந்தவர்களின் படத்தைச் சரிசெய்து தருவதுதான். இடம்பெயர்வில் ஆல்பங்கள் போய்விட்டன. ஒரே ஒரு படம் மிஞ்சியிருக்கும். அதில் அம்மா வீட்டுச் சட்டையோடு நிற்பார். 31ஆம் நாள் வெளியிடும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்துக்கு அவருக்கு ஒரு சாறி உடுத்தித் தரக் கேட்பார்கள். ஒன்பது வருசமாக இதற்கு போட்டோஷொப்பும் முகத்தை மட்டும் பொருத்தும்படி ஆயத்தமாக வரும், காசு கொடுத்து வாங்கிய சாறி, கோட் டெம்ப்ளேட்டுகளும் பயன்படுத்துகிறேன். எது கடைசிவரை கைகொடுத்தது, எதைக் கைவிட்டேன் என்பதை ஒரு படத்தை வைத்தே சொல்கிறேன்.

அந்த அம்மாவின் படம் பின்னேரம் நாலரை மணிபோல வாசலில் எடுத்தது. பார்க்கும் நமக்கு இடப்பக்கமிருந்து வெயில். மூக்கின் நிழல் வலக் கன்னத்தில் சரிந்து விழுந்திருந்தது. கண்ணுக்குள் மின்னும் புள்ளியும் இடப்பக்கம். ஒளி வரும் திசையை அறிய நான் முதலில் பார்ப்பது இந்த இரண்டையும்தான். மூன்றாவதாக, நாடிக்குக் கீழே கழுத்தில் விழும் நிழலின் சரிவு. மூன்றும் ஒன்றையே சொன்னால் நம்பலாம்.

நான் எடுத்த சாறி டெம்ப்ளேட்டில் ஒளி வலப்பக்கமிருந்து வந்தது. தொடக்க காலத்தில் இப்படியானால் டெம்ப்ளேட்டை இடம்வலமாகத் திருப்பிவிடுவேன். சாறியில் அது சரிவராது. தலைப்பு இடத்தோளில் போவது வழக்கம். திருப்பினால் வலத்தோளுக்குப் போய்விடும். கோட்டிலும் அப்படியே, நெஞ்சுப் பொக்கற்றும் பொத்தான் மடிப்பும் பக்கம் மாறிவிடும். அப்படியானால் முகத்தைத் திருப்பலாமே என்று ஒருமுறை செய்தேன். மகள் படத்தைக் கையில் எடுத்ததுமே, "தம்பி, அம்மாக்கு மச்சம் மற்றக் கன்னத்திலயெல்லோ" என்றார். அன்றிலிருந்து முகத்தைத் திருப்புவதில்லை.

திருப்ப முடியாது என்றால் துணியின் வெளிச்சத்தைத்தான் மாற்றவேண்டும். சாறிக்கு மேலே 50 வீதச் சாம்பல் நிரப்பிய ஒரு லேயரை வைத்து, அதை Soft Light ஆக்கி, சாறியோடு மட்டும் பிணைத்துவிடுவேன். பிறகு மிக மங்கலாகப் படும் தூரிகையால், Opacity 5 முதல் 8 வீதத்துக்கு மேல் போகாமல், இடத்துப் பக்கம் வெள்ளையும் வலத்துப் பக்கம் கறுப்பும் தடவுவேன். பக்கம் முழுவதையும் ஒரேயடியாக வெளிச்சமாக்கி, இருட்டாக்கிவிட்டால் போதும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது போதாது. ஒவ்வொரு மடிப்புக்கும் வெளிச்சக் கரை, நிழல் கரை என்று இரண்டு இருக்கிறது. தோள் முழுவதும் மங்கலாக இருக்க, அதிலுள்ள மடிப்புகள் மட்டும் இன்னும் வலப்பக்க வெளிச்சத்தில் நின்றால், பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது. ஆனால் "ஏதோ ஒட்டினமாதிரிக் கிடக்கு" என்பார். அதனால் கழுத்தடியிலும் தோளிலும் உள்ள மூன்று நாலு பெரிய மடிப்புகளைக் கரை மாற்றித் தடவிவிடுவேன். கீழே உள்ளவை மார்போடு வெட்டுப்பட்டுப் போகும், அவற்றைப் பார்ப்பதில்லை.

இந்த வேலையை அரைமணியில் முடிக்கக்கூடிய டெம்ப்ளேட்டும் உண்டு, அரைநாள் எடுக்கும் டெம்ப்ளேட்டும் உண்டு. கடையில் கண்ணைப் பறிக்கும் ஆழமான நிழல்களோடு வருபவைதான் அரைநாள் எடுப்பவை. முன்னாலிருந்து தட்டையாக வெளிச்சம் விழுந்த, பார்க்கச் சப்பென்று இருக்கும் டெம்ப்ளேட்டை எந்தத் திசைக்கும் வளைக்கலாம். வாங்குபவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

அப்புறம் நிறம். டெம்ப்ளேட்டுகள் பெரும்பாலும் ஃபிளாஷ் வெளிச்சத்தில் எடுத்தவை, 5500 கெல்வின் அளவில். பின்னேர வெயில் அதைவிடக் குறைந்த கெல்வின், அதாவது கூடிய மஞ்சள். இந்த அம்மாவின் நெற்றியோரம் நரைமுடி இருந்தது. நரை நல்ல அளவுகோல், கிட்டத்தட்ட நிறமில்லாதது. Info பலகையில் அதன் மேல் சுட்டியை வைத்துப் பார்த்தால் சிவப்பு 196, பச்சை 178, நீலம் 152. சாறியின் வெள்ளைக் கரையில் மூன்றும் ஏறத்தாழ 205. வித்தியாசம் கண்முன்னே தெரிகிறது.

இதற்கு முழுச் சாறிக்கும் ஒரு மஞ்சள் வடிகட்டி போட்டால் சரி என்றுதான் நானும் இரண்டு வருசம் செய்தேன். படம் தேத்தண்ணியில் தோய்த்தமாதிரி வந்தது. வெயில் பட்ட இடம் மஞ்சளாகும்போது நிழல் மஞ்சளாவதில்லை. அங்கே வானத்தின் நீல வெளிச்சம்தான் படுகிறது. ஆகவே Curves திறந்து நீல அலைவரிசையில் வெளிச்ச முனையை 255இலிருந்து 220 அளவுக்கு இறக்கி, இருட்டு முனையை 8 அளவுக்கு மட்டும் ஏற்றுகிறேன். சிவப்பைச் சற்றே உயர்த்துகிறேன். அவ்வளவுதான். Match Color என்ற கட்டளையையும் பலமுறை முயன்றேன். அது படம் முழுவதன் சராசரியைப் பார்த்து மாற்றுவது. பச்சைச் சாறியையும் மாநிறத் தோலையும் அது ஒப்பிட வெளிக்கிட்டால் சாறியின் நிறமே போய்விடும்.

தறப்பாள் கொட்டிலுக்குள் எடுத்த படங்கள் வேறு. நீலத் தறப்பாளின் கீழே முகமே நீலம் பாய்ந்திருக்கும். அங்கே சாறியை முகத்துக்குப் பொருத்தக்கூடாது. முதலில் முகத்தை மீட்டெடுத்துவிட்டுத்தான் சாறி. செம்மண் முற்றத்தில் எடுத்தவற்றில் நாடிக்குக் கீழே செம்மை ஏறியிருக்கும். அதைப் பிழையென்று துடைக்காமல், சாறியின் கழுத்தோரத்துக்கும் துளி கொடுத்தால் படம் ஒன்றாகிவிடும்.

முடி வைக்கும்போதும் இதே நியாயம்தான். புற்றுநோய் மருந்தால் முடி உதிர்ந்த ஒரு அக்காவுக்கு முடி வைத்தபோது, டெம்ப்ளேட் முடியின் மினுக்கம் நீலக் கறுப்பாக நின்றது. பின்னேர வெயிலில் கறுப்பு முடியும் மினுங்கும் இடத்தில் கபிலமாகத்தான் தெரியும். மினுக்கத்தை மட்டும் சூடாக்கி, நெற்றியில் முடியின் நிழலை Multiply லேயரில் போட்டேன். நிழலுக்குக் கறுப்பு எடுப்பதில்லை. அவருடைய கழுத்து நிழலிலிருந்தே நிறத்தை எடுக்கிறேன். சாறியின் கழுத்தோரத்திலும் இரண்டு நிழல்: ஒட்டினாற்போல் ஒடுங்கிய ஒன்று, அதற்கு மேல் அகன்று மங்கிய ஒன்று.

சரிபார்க்க, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கறுப்பு வெள்ளை லேயர் போடுகிறேன். நிறம் போனதும் திசைப் பிழை உடனே தெரியும். நிறத்துக்கு அச்சுப் பிரதியைக் காலையில் வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கிறேன். மஞ்சள் பல்பின் கீழே எல்லாம் பொருந்தினமாதிரித்தான் இருக்கும். என் பழைய திரை 9300 கெல்வினில் நின்றதால், நீலமாகத் தெரிந்ததை ஈடுகட்ட மஞ்சளைக் கூட்டிக் கூட்டி எத்தனை படத்தைக் கெடுத்தேன்! 6500க்கு மாற்றியபின் அது நின்றது.

மூன்று வருசத்துக்கு முன் தங்கச்சியைச் சாறி உடுத்தி ஸ்டூடியோ வாசலில் இருத்தி, இடப்பக்க வெளிச்சம், வலப்பக்க வெளிச்சம், உச்சி வெயில் என்று மூன்று விதமாக நானே எடுத்து வைத்தேன். இப்போது பத்துக்கு ஏழு வேலை அவற்றிலேயே முடிகிறது. வாங்கிய டெம்ப்ளேட்டுகளைத் திறப்பது கோட்டுக்கு மட்டும்.

பட்டுச்சாறி இன்னும் எனக்கு வசப்படவில்லை. சரிகை வெளிச்சத்தைப் பார்த்த இழையில் மட்டும் பளிச்சிடும்; அதைத் தடவி மங்கச் செய்யலாம், மற்றப் பக்கத்தில் பளிச்சிட வைக்க முடிவதில்லை. அப்படிக் கேட்டு வருபவர்களிடம் வீட்டிலிருக்கும் அம்மாவின் சாறியைக் கொண்டுவரச் சொல்கிறேன். படத்தில் இருக்கும் வெளிச்சத்தை வாசலில் பார்த்து வைத்து, மகளுக்கே அதை உடுத்தி எடுக்கிறேன்.